கொசைனுக்கும் சைனுக்கும் நடுவே ஒரு தாள்

அந்தத் தாளைக் கிழித்தவள் நான்தான். வேண்டும் என்று கிழிக்கவில்லை, மெஷினில் மாட்டி உருட்டும்போது கிழிந்தது. ஆனால் கிழிந்ததை ஒருத்தரிடமும் சொல்லாமல் சுருட்டி அடுப்பில் போட்டது வேண்டும் என்றே செய்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரைப் பற்றிக் கசப்பாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன். எழுதுகிறவள் எப்பேர்ப்பட்டவள் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் பதினோரு வருசம் நின்றேன். நான் சுற்றிய கோன் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. வீட்டுக்காரர் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். மில்லில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். இப்போது அது இல்லை, எப்போதோ மூடிவிட்டார்கள். அங்கே கணக்கு டிபார்ட்மென்டுக்கு ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். எண்பத்தாறோ எண்பத்தேழோ இருக்கும்.

கூட்டுவது, பானையில் தண்ணி நிரப்புவது, டீ போட்டுக் கொடுப்பது, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் போர்டு துடைப்பது. இதெல்லாம் எல்லா டிபார்ட்மென்டிலும் உள்ள வேலை. கணக்கு டிபார்ட்மென்டில் கூடுதலாக ஒன்று இருந்தது, ஸ்டென்சில் மெஷின் உருட்டுவது. பெரிய சார், அதாவது டிபார்ட்மென்ட் தலைவர், பரிட்சைக்கு வேண்டிய கணக்குகளை எல்லாம் விடையோடு நோட்ஸாகப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். மெழுகு பூசின தாளில் வார்த்தைகளை டைப் அடிப்பார்கள். கணக்குக் குறிகள் டைப்பில் வராது. அதைச் சார் இரும்பு முனைப் பேனாவால் தன் கையாலேயே கீறுவார். அந்தத் தாளை உருளையில் மாட்டி, மையைத் தடவி, கைப்பிடியைச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு பிரதி விழும். வேலை முடிந்ததும் மெழுகுத்தாளைப் பழைய பேப்பருக்கு நடுவில் ஒற்றி எடுத்து வைத்தால் அடுத்த வருசமும் உருட்டலாம். சார் வருசா வருசம் கணக்குகளை முன்னே பின்னே மாற்றுவார் என்பதால் தாளில் நம்பர் போட மாட்டார். கட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் வரிசை.

பெரிய சாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கெட்ட மனுசன் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை, ஒரு பிள்ளையிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ஆனால் தன் நோட்ஸில் ஒரு புள்ளி தப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மெழுகுத்தாளைக் கிழித்துவிட்டேன். சார் பிள்ளைகள் நிற்கும்போதே, மில்லில் நூல் அறுத்த கை இங்கே வந்து தாள் கிழிக்கிறது என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் கோன் திரும்பி வந்ததில்லை என்று அவர்களுக்கு எங்கே தெரியும். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

ஆகையால் இரண்டாம் தடவை கிழிந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாம் செமஸ்டர் நோட்ஸ், ஃபூரியர் என்று சொல்லுகிற பாடம், பதினேழு தாள். நடுவில் ஒரு தாள், பிடிப்பு மாட்டுகிற இடத்தில் கிழிய ஆரம்பித்துப் பாதி வரைக்கும் வந்துவிட்டது. முந்தின தாளையும் அடுத்த தாளையும் எடுத்துப் பார்த்தேன். ரெண்டிலும் அதே வளைந்த கொக்கிக் குறி, அதே பை என்கிற எழுத்து, அதே எண்ணுக்குக் கீழே எண். இம்புட்டுக் கணக்கில் ஒரு தாள் போனால் என்ன என்று நினைத்தேன். தாளைச் சுருட்டி டீ அடுப்பில் போட்டேன். மெழுகு, நன்றாக எரிந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வருசமும் கேட்கவில்லை, அடுத்த ரெண்டு வருசமும் கேட்கவில்லை.

இதற்குள் என் மகள் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு அதே காலேஜில் டெம்பரவரி லெக்சரராக வந்தாள். அவளுக்கு நான் யார் சிபாரிசும் பிடிக்கவில்லை, மார்க்கைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். முதல் நாளே அவளிடம் சொன்னேன், காலேஜ் கேட்டுக்கு உள்ளே நான் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், நீ என்னை ஆயாம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. என் மகளுக்கு நான் டீ கொண்டுபோய் வைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் குடித்த டம்ளரை எடுத்து வருவதில் ஒரு பெருமை இருந்தது என்றே சொல்லலாம்.

எங்கள் வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒரு பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். மறுநாள் எடுக்கப்போகிற பாடத்தை முந்தின நாள் சாயந்தரம் அங்கே நின்று எனக்கு எடுப்பாள். பிள்ளைகளுக்குச் சொல்லுகிறது போலவே முழுதாகச் சொல்லுவாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். புரியவில்லை என்றால் புரியவில்லை என்பேன். எனக்குப் புரிகிற வரை வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பாள். அப்படித்தான் அந்தப் பாடம் எனக்கு வந்தது. எனக்கு வேறு கணக்கு தெரியாது. இந்த ஒன்று தெரியும்.

ஒரு கோட்டை பூஜ்யத்தில் ஆரம்பித்துப் பை வரைக்கும் போட்டாள். அதன் மேல் ஒரு மேடு வரைந்தாள். இந்த முனையில் உயரம் ஒன்றுமில்லை, அந்த முனையிலும் ஒன்றுமில்லை, நடுவில் உப்பி நிற்கிறது. இந்த மேட்டை அலைகளை ஒன்றோடொன்று கூட்டியே கட்டிவிடலாம் என்றாள். கூட்டிக்கொண்டே போக வேண்டும், முடிவே கிடையாது. "நமக்குக் கொடுத்தது இந்தப் பாதி மட்டுந்தாம்மா. பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. அதை நாமளே வச்சுக்கலாம்." அந்தப் பக்கமும் இதே மாதிரி மேடாகவே வைத்துக்கொண்டால் கொசைன் அலை மட்டும் வரும். அந்தப் பக்கம் மேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பள்ளமாக வைத்தால் சைன் அலை மட்டும் வரும். நமக்கு வேண்டிய பாதியில் ரெண்டும் ஒரே மேட்டைத்தான் கட்டும். இதற்குப் பேர் ஹாஃப் ரேஞ்ச்.

ஒரே மேடு, ரெண்டு விதமாகக் கட்டியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அதில் இருந்து எண்ணை உருவுகிறதைக் காட்டினாள். மேட்டில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்த இடத்தின் உயரம் நமக்குத் தெரியும். அதே இடத்தில் அலைகள் எல்லாம் வெறும் எண்ணாகிவிடும். அப்போது முடிவில்லாத ஒரு கூட்டலுக்கு விடை கையில் வந்து விழும். சைன் அலைகள் பூஜ்யத்தில் எல்லாமே பூஜ்யம், அங்கே தொட்டால் பூஜ்யம் சமம் பூஜ்யம், ஒரு பிரயோசனமும் இல்லை. நட்ட நடுவில் தொட்டால் ஒன்று, கழித்தல் இருபத்தேழில் ஒன்று, கூட்டல் நூற்றிருபத்தஞ்சில் ஒன்று என்று போகிற கூட்டலுக்கு விடை கிடைக்கும். பையின் கனத்தை, அதாவது பையை மூன்று தடவை பெருக்கியதை, முப்பத்திரண்டால் வகுத்தது. கொசைனில் கீழே வர்க்கம்தான் வரும். அதே நடுவில் தொட்டால் ஒன்று, கழித்தல் நாலில் ஒன்று, கூட்டல் ஒன்பதில் ஒன்று என்று போகிற வேறு கூட்டல். அதற்கு விடை பையின் வர்க்கத்தைப் பன்னிரண்டால் வகுத்தது.

சைனில் கனம், கொசைனில் வர்க்கம். என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சொன்னேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரின் நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சிரித்தாள். ஒரு தாளில் மேட்டுக்குக் கொசைன் தொடர் கண்டுபிடித்து, இதிலிருந்து வரும் கூட்டலைக் காண்க என்று போட்டிருக்கிறது. தொடர் சரியாக முடிந்திருக்கிறது. அடுத்த தாளில் முதல் வரியே, நடுவில் தொடு, விடை பையின் கனத்தை முப்பத்திரண்டால் வகுத்தது. தலை கொசைன், வால் சைன்.

"நடுவுல ஒரு தாள் இல்லம்மா. இந்தக் கணக்கோட முடிவும் அடுத்த கணக்கோட ஆரம்பமும் அதுல இருந்திருக்கு. பிள்ளைக மூணு வருசமா இதை அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிட்டிருக்குதுக."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எந்தத் தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவேண்டியதுதானே என்று இப்போது எழுத எளிதாக இருக்கிறது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்ததைப் போல என் காதில் விழுந்தது. அப்படி அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் விழுந்தது.

மறுநாள் சாரிடம் தனியாகப் போய்ப் பணிவாகத்தான் சொன்னாள். நான் பக்கத்து அறையில் பானை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. மூன்று வருசம் பிள்ளைகள் படித்துப் பாஸாகிப் போயிருக்கிறார்கள், பரிட்சை நேரத்தில் குழப்பாதே என்றார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். நேற்று வந்தவர்கள் எல்லாம் எனக்கு ஃபூரியர் சொல்லித்தர வேண்டாம் என்றார். அவள் வெளியே வந்து, ஆயாம்மா ஒரு டம்ளர் தண்ணி என்றாள்.

அவளுக்கு அப்போது என்ன நிலைமை என்றால், டெம்பரவரியாக ரெண்டு வருசம் முடியப்போகிறது. நிரந்தரம் செய்கிற ஆர்டர் அந்த மாதம் வர வேண்டும். தலைவர் எழுதிக் கொடுத்தால் வரும், கொடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் ரெண்டு பேருக்கும் அது தெரியும்.

மாடல் பரிட்சைக்குச் சாரே கேள்வித்தாள் போட்டார். தன் நோட்ஸைத் திறந்து, தலையை மேலே இருந்தும் வாலைக் கீழே இருந்தும் எடுத்து ஒரே கேள்வியாக்கிவிட்டார். மேட்டுக்கு ஹாஃப் ரேஞ்ச் கொசைன் தொடர் காண்க, அதிலிருந்து அந்தக் கனக் கூட்டலின் விடை பையின் கனத்தில் முப்பத்திரண்டில் ஒன்று என்று காட்டுக. பன்னிரண்டு மார்க். தொடருக்கு எட்டு, கூட்டலுக்கு நாலு. பிடிவாதத்தில் போட்டாரா, பார்க்காமல் போட்டாரா, எனக்குத் தெரியாது. திருத்துகிற வேலை என் மகளுக்கு.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். வரிசையாக எல்லாரும் தொடரைச் சரியாகக் கண்டுபிடித்து, நடுவில் தொடு என்று எழுதி, அடுத்த வரியில் விடையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எட்டு, எட்டு, எட்டு என்று போட்டுக்கொண்டே வந்தாள். ஐம்பத்தொன்பது பேரில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு தாளை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதை எழுதியது கூமாப்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா வயல் வேலை. வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே காலேஜ் பஸ் ஏறி வரும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, யாரோடும் பேசாது. நான் போர்டைத் துடைக்கப் போகும்போது, செத்த நேரம் இருங்கம்மா என்று கடைசி வரியை எழுதி முடிக்கும்.

என் மகள் எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். "அம்மா, இங்க வா. கொசைன்ல கனம் வராதுன்னு நான் சொன்னேன்ல. வருதும்மா."

அந்தப் பிள்ளை நடுவில் தொட்டுப் பார்த்திருக்கிறது. கனம் வரவில்லை, வர்க்கக் கூட்டல்தான் வந்திருக்கிறது. அதையும் எழுதி, இது கேட்டது இல்லை என்றும் எழுதியிருக்கிறது. அப்புறம் ஒரு இடத்தைத் தொடுவதை விட்டுவிட்டு, பூஜ்யத்தில் இருந்து பையில் கால் பங்கு வரைக்கும் மேட்டுக்கு அடியில் இருக்கிற பரப்பை எடுத்திருக்கிறது. பரப்பு எடுக்கும்போது ஒவ்வொரு கொசைன் அலையும் சைன் அலையாகிவிடுகிறது. ஆகும்போது கீழே அதே எண் இன்னொரு தடவை வந்து சேருகிறது, வர்க்கம் கனமாகிறது. கால் பங்கில் நிறுத்தியதால் இரட்டைப்படை அலைகள் எல்லாம் பூஜ்யமாகி விழுந்துவிட்டன. ஒற்றைப்படை மட்டும் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று நிற்கிறது. கேட்ட கூட்டல் அதுதான். பரப்பு ஒரு பக்கம், அலைகளின் கணக்கு ஒரு பக்கம். கழித்துப் பார்த்தால் பையின் கனத்தில் முப்பத்திரண்டில் ஒன்று. ஒரு முடி பிசகாமல்.

மகள் எல்லா வரியையும் சுவரில் எழுதி, சாக்பீஸைக் கீழே வைத்து, கையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை. "சாரு கேட்டது தப்பான கேள்வி இல்லம்மா. எங்க ரெண்டு பேருக்குந்தான் வழி தெரியல. இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு." பன்னிரண்டு என்று பெரிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைச் சாரிடம் சந்தோசமாகத்தான் கொண்டுபோனாள். சார், உங்கள் கேள்வி சரிதான், இந்தப் பிள்ளை காட்டிவிட்டாள் என்று சொன்னால் அவருக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார். அறைக் கதவைச் சாத்தினார்கள். அதனால் மீதியை நான் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது தண்ணி கேட்கவில்லை.

மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"இங்க பாரும்மா. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நாலு மார்க் இல்ல, ஒரே ஒரு பிள்ளைக்கு முழு மார்க். கரெஸ்பாண்டென்ட் என்ன கேப்பாரு? தப்பு யாரு பேர்ல வரும்?"

அவர் மேஜை மேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உம் மகளுக்கு ஆர்டர் டைப் அடிச்சு வந்திருச்சு. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. எல்லாருக்கும் பன்னெண்டு போடச் சொல்லு. அந்தப் பிள்ளைக்கு எட்டு. நான் நடத்தின வழியில எழுதல, அம்புட்டுதான். நாலு மார்க்குல யாரும் செத்துப்போகப் போறதில்ல."

மேஜை மேல் அந்த ஆர்டர் இருந்தது. என் மகள் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சார், நடுத்தாளைக் கிழித்தது நான். அவ்வளவுதான். நாக்கு வரைக்கும் வந்தது. அவர் அந்தப் பழைய பேச்சை மறுபடியும் பேசுவார், மில் கை என்பார், இந்தத் தடவை என் மகள் காதில் விழும். அதை நினைத்தேன். எழுந்து, சொல்லிப் பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவளிடம் சொன்னேன். அவள் முடியாது என்றாள். ரெண்டு நாள் முடியாது என்றாள். நான் விடவில்லை. மில்லில் நின்றது, அவள் படிப்புக்குக் கம்மலை விற்றது, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். அவளைக் கரைக்க எதையெல்லாம் எடுக்கக் கூடாதோ அதையெல்லாம் எடுத்தேன். கடைசியில், "நாலு மார்க்குத்தானட்டி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "புரியாதவ சொன்னா பரவாயில்லம்மா. உனக்குத்தான் புரியுதே."

கணக்குத் தெரியாத பொம்பளை, பிள்ளை வேலைக்குப் பயந்து சொன்னாள் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது. அவள்தான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாளே.

மறுநாள் போய் ஐம்பத்தெட்டுத் தாளில் எட்டை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினாள். ஒரு தாளில் பன்னிரண்டை அடித்து எட்டு ஆக்கினாள். சாயந்தரம் ஆர்டர் கைக்கு வந்தது.

விடைத்தாள் கொடுத்த அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பிள்ளை மட்டும் நின்றது. நான் துணியோடு வாசலில் நின்றேன்.

"மேடம், இதுல எந்த வரி தப்பு?"

"வரி தப்பில்ல. கேட்ட மாதிரி எழுதல."

"கேட்ட மாதிரி எப்படி எழுதணும்னு ஒரு தடவை போட்டுக் காமிங்க மேடம்."

கோபமாகக் கேட்கவில்லை. நிசமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. என் மகள் சாக்பீஸை எடுத்தாள். கொசைன் தொடரை எழுதினாள். அதற்குக் கீழே, நடுவில் தொடு என்று எழுதினாள். அங்கே கை நின்றது. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தது. பிறகு அவள் அடுத்த வரியில், பையின் கனம், கீழே முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டுச் சாக்பீஸை வைத்தாள்.

அந்தப் பிள்ளை போர்டை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு மேடத்தைப் பார்த்தது. "சரி மேடம்" என்று நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டது. அந்த வரியை அது எழுதிக்கொள்ளவில்லை. நான் உள்ளே போய்ப் போர்டைத் துடைத்தேன். ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, வழக்கம் போல.

அதற்குப் பொறவு ரெண்டரை வருசம் அந்தப் பிள்ளை அங்கே படித்தது. செத்த நேரம் இருங்கம்மா என்று சொன்னது இல்லை. நோட்ஸில் இருந்ததை எழுதி, நல்ல மார்க் வாங்கி, போய்விட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியாது. விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நோட்ஸ் மாறவில்லை. அதே பதினாறு தாளை இன்னும் நாலு வருசம் நானே உருட்டினேன். தலை கொசைன், வால் சைன், சுற்றுக்கு ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அது என்ன என்று தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜெராக்ஸ் மெஷின் வந்த பிறகுதான் என் கைக்கு அந்த வேலை போனது. சார் ரிட்டயரானபோது மாலை போட்டார்கள், நானும் போய்க் கை கூப்பினேன்.

வீட்டுச் சுவரில் அந்தக் கூமாப்பட்டிப் பிள்ளையின் கணக்கு ரொம்ப நாள் அப்படியே இருந்தது. மகள் அழிக்கவில்லை, அதன் மேல் எழுதவும் இல்லை. மார்க்கை மாற்றிய அன்றைக்கு எனக்குப் பாடம் எடுப்பதை நிறுத்தியவள்தான், மறுபடி எடுக்கவே இல்லை. காலேஜ் நோட்டுகளைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் கேட்காமல் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அடித்துவிட்டான். அவள் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். என்னைக் குறையாக நடத்தினாள் என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை வாங்கித் தருவாள், சேலை எடுத்துத் தருவாள். அன்றாடம் பேச வேண்டிய பேச்சு எல்லாம் பேசுவோம்.

அவளே டிபார்ட்மென்ட் தலைவியான பிறகு, நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் நேரத்தில் சொல்லிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்தது நான்தான், அடுப்பில் போட்டேன், பேச்சு வாங்கப் பயந்து சொல்லவில்லை என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் தேவலை என்றும் இருந்தது.

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "அப்பவே சொல்லியிருக்கலாம்மா" என்றாள். பிறகு, பாடம் எடுக்கிற அந்தப் பழைய குரலில், மெதுவாகச் சொன்னாள். "சாருக்குத் தன் தப்புன்னு ஒத்துக்கத்தான் முடியல. ஆயா தாளைக் கிழிச்சுட்டான்னு தெரிஞ்சிருந்தா அவருக்கு எம்புட்டு நிம்மதி. உன்னை ரெண்டு ஏச்சு ஏசிட்டு, நோட்ஸைத் திருத்திட்டு, அந்தப் பிள்ளைக்குப் பன்னெண்டு போட்டு, எனக்கும் கையெழுத்துப் போட்டிருப்பாரு."

அப்படி ஒரு வழி இருந்தது என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருசமும் நான் என் மகள் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு ஏச்சு. அதைத் தவிர்க்கத்தான் அந்தப் பிள்ளையையும் விலையாகக் கொடுத்தேன், இவளையும் கொடுத்தேன்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உடனே கொடுத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.